அடுப்பு தேய்கிறது, உரிமம் தீர்கிறது

ஈரோட்டில் ஒருவர் முதன்முறையாகச் சொந்தத் தொழிலில் இறங்கி, பெயர் பெற்ற ஒரு பேக்கரி நிறுவனத்தின் பிரான்சைஸ் எடுத்து, ஏப்ரல் முதல் தேதி கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுப்பு, மாவு பிசையும் இயந்திரம், கேக் அடுக்கும் குளிர்பதனக் கண்ணாடிப் பெட்டி ஆகியவற்றுக்கு லாரி வாடகையும் பொருத்துக் கூலியும் சேர்த்து 10 லட்சம் ரூபாய் ஆயிற்று. அந்த நிறுவனத்தின் பெயரையும் செய்முறைகளையும் ஐந்து ஆண்டுகள் பயன்படுத்திக்கொள்ளும் உரிமைக்காக 5 லட்சம் ரூபாயை ஒரே தொகையாகக் கட்டினார். அது திரும்பக் கிடைக்காத பணம். கடை வாடகைக் கட்டடத்தில் இருக்கிறது. ஐந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டு, தரை, கூரை, மின்வேலை என்று 4 லட்சம் ரூபாய் உள்வேலைக்குச் செலவிட்டார். கட்டட உரிமையாளருக்கு அட்வான்ஸ் 2 லட்சம். இவ்வளவுக்கும் தம் சேமிப்பு போக, 8 லட்சம் ரூபாயை 12 சதவீத வட்டியில், அறுபது மாதத் தவணையில் வங்கியில் கடன் வாங்கினார்.

ஆண்டு முடிந்து மார்ச் 31 வருகிறது. விற்பனைத் தொகையிலிருந்து மாவு, சர்க்கரை, கூலி, வாடகை, மின்கட்டணம், மாதாமாதம் செலுத்தும் ராயல்டி ஆகிய அனைத்தும் போக 5 லட்சம் ரூபாய் மிஞ்சியிருக்கிறது. அதிலிருந்து வங்கித் தவணையாக ஏறத்தாழ 2,13,500 ரூபாய் போய்விட்டது. கையில் நிற்பது 2,86,500 ரூபாய். கடைக்காரர் இதைத்தான் தம் முதல் ஆண்டு லாபம் என்று நினைக்கிறார். கணக்கு எழுதுபவரோ, லாபம் 1,35,700 ரூபாய் என்கிறார். இரண்டு தொகைகளுக்கும் நடுவில் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்வதற்கு அவர் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு சொற்கள். ஒன்று தேய்மானம். இது எல்லோருக்கும் பழக்கமான சொல். மற்றொன்று, தணிக்கையாளர் அலுவலகங்களில் அமார்டைசேஷன் என்று புழங்குவதும், தமிழில் போக்கெழுதுதல் என்று சொல்லத்தக்கதுமான சொல்.

இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். பல ஆண்டுகளுக்குப் பயன் தரும் ஒன்றுக்கு நாம் ஒரே நாளில் பணம் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பணம் முழுவதையும் முதல் ஆண்டின் செலவாக எழுதினால், அந்த ஆண்டு கடை பெரும் நட்டத்தில் ஓடியதாகத் தோன்றும். அடுத்த நான்கு ஆண்டுகளில் அடுப்பும் உரிமமும் இலவசமாக வந்ததுபோல் லாபம் பெருத்துத் தெரியும். இரண்டு தோற்றங்களுமே பொய். ஆகவே அந்தத் தொகையை முதலினச் செலவு என்று கொண்டு, முதலில் சொத்தாக இருப்புநிலைக் குறிப்பில் வைத்து, எந்தெந்த ஆண்டுகள் அந்தச் சொத்தால் பயனடைகின்றனவோ அந்தந்த ஆண்டுகளின் இலாப நட்டக் கணக்கில் ஒவ்வொரு பங்காகச் சேர்க்கிறோம். கண்ணால் பார்த்துக் கையால் தொடக்கூடிய சொத்துக்கு இப்படிச் செய்தால் அது தேய்மானம். உரிமம், காப்புரிமை, வணிகக்குறி, விலைக்கு வாங்கிய மென்பொருள் போன்ற, தொட்டுணர முடியாத சொத்துக்குச் செய்தால் அது போக்கெழுதுதல்.

வேறுபாடு வெறும் பெயரளவில்தான் என்றால், இதற்கு ஒரு கட்டுரை தேவைப்படாது. சொத்தின் ஆயுளை முடித்து வைப்பது எது என்பதில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. அடுப்பு உழைத்து உழைத்துத் தேய்கிறது. அதன் ஆயுளை வெப்பமும் பராமரிப்பும் ஓட்டமும் முடிவு செய்கின்றன. ஆகையால் நாம் அதை மதிப்பிட மட்டுமே முடியும். தேய்ந்த பிறகும் அதில் இரும்பு இருக்கிறது, வாங்குவதற்கு ஆள் இருக்கிறது. பிரான்சைஸ் உரிமம் தேய்வதில்லை. நான்காம் ஆண்டின் கடைசி நாளிலும் பெயர்ப்பலகை முதல் நாளைப் போலவே வாடிக்கையாளரை அழைக்கும். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதிய தேதி வந்ததும் அது முழுவதுமாகத் தீர்ந்துவிடும். விற்பதற்கு எதுவும் மிஞ்சாது. கணக்கிடும் முறையில் நாம் காணும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த ஓர் உண்மையிலிருந்து பிறப்பவை.

முதலில் அடுப்பையும் மற்ற இயந்திரங்களையும் எடுத்துக்கொள்வோம். இவை பத்து ஆண்டு உழைக்கும், அதன் பிறகு 50,000 ரூபாய்க்கு விலைபோகும் என்று மதிப்பிட்டால், கடை உண்மையில் தின்று தீர்க்கப்போவது 9,50,000 ரூபாய். அதைப் பத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 95,000 ரூபாய் தேய்மானம். ஒவ்வோர் ஆண்டும் ஒரே தொகை வருவதால் இதை நேர்க்கோட்டு முறை என்பார்கள். மற்றொரு முறையில், ஒவ்வோர் ஆண்டும் மீதமிருக்கும் ஏட்டு மதிப்பின்மேல் குறிப்பிட்ட சதவீதம் கழிக்கப்படும். தொடக்கத்தில் அதிகமாகவும் போகப்போகக் குறைவாகவும் வரும். இதைக் குறைந்து செல் மதிப்பு முறை என்கிறோம். புதிதில் நன்றாக உழைத்து, பழசானபின் பழுதுச் செலவு கூடும் இயந்திரங்களுக்கு இந்த இரண்டாவது முறை பொருந்தும் என்பது என் கருத்து. ஏனெனில், பழுதுச் செலவு ஏறும்போது தேய்மானம் இறங்கி, இரண்டின் கூட்டுத்தொகை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறாமல் இருக்கும். ஆனால் தொழிலுக்குப் புதியவர் முதலில் நேர்க்கோட்டு முறையில் ஒரு முறை கணக்கிட்டுப் பார்ப்பதே நல்லது. நடப்பது என்ன என்பது அதில் தெளிவாகத் தெரியும்.

இங்கே ஆயுள் என்பது மதிப்பீடு என்பதை மறக்கக் கூடாது. நிறுவனங்கள் சட்டம் 2013இன் இரண்டாம் அட்டவணை, பொதுவான இயந்திரங்களுக்கு 15 ஆண்டும், கணினிக்கு 3 ஆண்டும், பொதுவான மரச்சாமான்களுக்கு 10 ஆண்டும் என்று ஆயுள் குறித்திருக்கிறது. ஆயுள் முடிவில் கிடைக்கும் எஞ்சிய மதிப்பு பொதுவாக விலையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. அது நிறுவனமாகப் பதிவு பெற்றவர்களுக்கான அட்டவணை. நம் பேக்கரிக்காரரைப் போன்ற தனி உரிமையாளரை அது கட்டுப்படுத்தாது என்றாலும், தோராயமாக ஓர் அளவு வேண்டுமென்றால் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து பிரான்சைஸ் கட்டணம். 5 லட்சம் ரூபாய், ஐந்து ஆண்டு, இறுதியில் மிச்சம் ஒன்றுமில்லை. ஆகவே ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் போக்கெழுத வேண்டும். எளிதாகத் தோன்றினாலும் இதில் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எஞ்சிய மதிப்பை ஏன் சுழியமாகக் கொள்கிறோம்? தீர்ந்துபோன உரிமத்தை வாங்க ஆள் இல்லை. அதனால்தான் தொட்டுணர முடியாத சொத்துகளுக்கான இந்தியக் கணக்கியல் தரநிலை 26, வேறு உறுதியான சான்று இல்லாதவரை எஞ்சிய மதிப்பைச் சுழியம் என்றே கொள்ளச் சொல்கிறது. ஏன் சமப் பங்காக வகுக்கிறோம்? உரிமம் நாளாக நாளாகக் கரைகிறது; ஒரு நாளின் பங்கு மற்றொரு நாளின் பங்கைவிடக் கூடவோ குறையவோ இல்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறதே, ஐந்துக்குப் பதிலாகப் பத்து ஆண்டாக வகுக்கக் கூடாதா? கூடாது. புதுப்பித்தல் ஏறக்குறைய உறுதி என்று காட்ட முடிந்தாலொழிய, சட்டப்படி உரிமை இருக்கும் காலத்தைத் தாண்டி ஆயுளை நீட்ட அந்தத் தரநிலை இடம் தருவதில்லை. பெரும்பாலான பிரான்சைஸ் ஒப்பந்தங்களில் புதுப்பிப்பது கொடுத்தவரின் விருப்பம். அதற்குப் புதிதாகக் கட்டணமும் உண்டு. அந்தப் புதிய கட்டணம் அடுத்த ஐந்து ஆண்டின் சுமை. அதை இந்த ஐந்து ஆண்டோடு கலக்கக் கூடாது.

மாதந்தோறும் விற்பனையில் இவ்வளவு சதவீதம் என்று கொடுக்கும் ராயல்டிக்கு இந்த வேலையே தேவையில்லை. அந்த மாதத்து விற்பனைக்கான விலை அது. அந்த மாதமே செலவாக முடிந்துவிடுகிறது. பில் போடும் மென்பொருளும் இதே வகையில் ஆராயத்தக்கது. ஒரே தடவை விலை கொடுத்து நிரந்தரமாக வாங்கியிருந்தால் அது சொத்து. சில ஆண்டுகளுக்குப் போக்கெழுத வேண்டும். ஆண்டுச் சந்தா கட்டிப் பயன்படுத்துவதாக இருந்தால் அது வாடகை போன்றது. ஜனவரியில் கட்டிய சந்தாவில் அடுத்த ஆண்டைச் சேர்ந்த ஒன்பது மாதப் பங்கை முன்கூட்டிச் செலுத்திய செலவாகக் காட்டினால் போதும்.

கடையின் உள்வேலைதான் பலரையும் குழப்பும் இடம். தரையும் கூரையும் கண்ணுக்குத் தெரிகின்றன, தொடவும் முடிகிறது. ஆகவே அது தேய்மானத்தைச் சேர்ந்தது. ஆனால் அந்தத் தரை இருபது ஆண்டு உழைக்கும் என்பதற்காக 4 லட்சத்தை இருபதால் வகுத்துவிட முடியாது. ஐந்தாம் ஆண்டு முடிவில் கடையைக் காலி செய்ய நேர்ந்தால், தரையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது. பொருள் உழைக்கும் காலம், அதன்மேல் நமக்கு உரிமை இருக்கும் காலம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே நமக்கு ஆயுள். எனவே ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதாவது, தேய்மானம் என்ற பெயரில் எழுதினாலும், இந்தச் சொத்தின் ஆயுளை முடிப்பது தேய்வு அன்று, ஒப்பந்தத் தேதி. அமெரிக்காவில் வாடகைக் கட்டடத்து உள்வேலைக்கும் அமார்டைசேஷன் என்ற சொல்லையே வழங்குவதற்கு இதுவே காரணம். இணையத்தில் ஆங்கிலக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருபவர்கள் இந்த இடத்தில் குழம்பினால், பிழை அவர்களுடையது அன்று.

கட்டட உரிமையாளரிடம் இருக்கும் 2 லட்சம் ரூபாய் அட்வான்ஸுக்குத் தேய்மானமும் இல்லை, போக்கெழுதுதலும் இல்லை. காலி செய்யும்போது திரும்ப வரும் பணம் அது. வரும்வரை சொத்தாகவே நிற்கும். கணக்கு எழுதத் தொடங்கிய புதிதில், மொத்தமாகக் கொடுத்த எல்லாப் பணத்தையும் ஐந்தால் வகுத்துப் பட்டியலிட்டு வந்த கடைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் அட்வான்ஸும் சேர்ந்திருக்கும். திரும்ப வருமா என்ற ஒரு கேள்வியைக் கேட்டால் இந்தப் பிழை நேராது.

இனி, எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பத்துக்கு வருவோம். வங்கி கடன் கொடுக்கும்போது அறுபது வரிகள் கொண்ட ஒரு தாளைக் கொடுக்கிறது. அதன் தலைப்பிலும் அமார்டைசேஷன் என்றே இருக்கும். அது நாம் இதுவரை பேசிய போக்கெழுதுதல் அன்று. கடன் அடைபடும் அட்டவணை. இரண்டுக்கும் ஒரே சொல் வந்ததற்கு வேர்ச்சொல்லில் காரணம் உண்டு: சாவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த அந்தச் சொல்லுக்கு, உயிர் போக்குதல் என்பது அடிப்படைப் பொருள். வங்கித் தாளில் உயிர் போவது கடனுக்கு. நம் ஏட்டில் உயிர் போவது சொத்துக்கு. ஒரே சொல் என்பதால் இரண்டும் ஒரே தொகை என்று நினைத்துவிடக் கூடாது.

நம் எடுத்துக்காட்டில் மாதத் தவணை ஏறத்தாழ 17,796 ரூபாய். முதல் மாதம் 8 லட்சத்துக்கு ஒரு சதவீத வட்டி 8,000 ரூபாய். மீதி 9,796 ரூபாய் அசலில் கழிகிறது. அடுத்த மாதம் அசல் குறைந்திருப்பதால் வட்டியும் சற்றுக் குறையும், அசலில் கழிவது சற்றுக் கூடும். இப்படியே பன்னிரண்டு மாதத்தில் கட்டிய 2,13,500 ரூபாயில் வட்டி ஏறத்தாழ 89,300 ரூபாய், அசல் ஏறத்தாழ 1,24,200 ரூபாய். இந்த வட்டி மட்டுமே செலவு. அசல் என்பது வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தது. கடன் வாங்கிய அன்று 8 லட்சம் வந்ததை நாம் வருமானம் என்று எழுதவில்லை, ஆகவே திருப்பிக் கொடுப்பதைச் செலவு என்று எழுதவும் முடியாது.

இப்போது முதல் ஆண்டின் கணக்கை முழுமையாக எழுதிப் பார்க்கலாம். அன்றாடச் செலவுகள் போக மிஞ்சிய 5,00,000 ரூபாயிலிருந்து வட்டி 89,300, இயந்திரத் தேய்மானம் 95,000, உள்வேலைத் தேய்மானம் 80,000, பிரான்சைஸ் போக்கெழுதுதல் 1,00,000 ஆகியவற்றைக் கழித்தால் லாபம் 1,35,700 ரூபாய். கடைக்காரர் கையில் பார்த்தது 2,86,500 ரூபாய். இடையில் இருக்கும் வேறுபாடு 1,50,800 ரூபாய். இந்த ஆண்டு பணமாக வெளியே போகாத மூன்று செலவுகளின் கூட்டுத்தொகை 2,75,000 ரூபாய்; செலவாக எழுதாமல் பணமாக வெளியே போன கடன் அசல் 1,24,200 ரூபாய்; முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் அதே 1,50,800 வருகிறது. இதை ஒரு முறை தம் கையால் எழுதிப் பார்த்தவருக்கு, லாபமும் கைப்பணமும் ஏன் ஒருபோதும் ஒத்துப்போவதில்லை என்ற கேள்வி மீண்டும் எழாது.

அந்த 1,50,800 ரூபாய் அவருடைய பணம்தான், ஆனால் அவர் ஈட்டியது அன்று. தாம் ஏற்கெனவே போட்ட முதலீட்டில் ஒரு பகுதி ரொட்டியாகவும் கேக்காகவும் விற்பனையாகித் திரும்பி வந்திருக்கிறது. அதை வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டால், ஐந்தாம் ஆண்டு முடிவில் உரிமத்தைப் புதுப்பிக்கவோ அடுப்பை மாற்றவோ கடையிடம் எதுவும் இருக்காது. தேய்மானம் எழுதினாலே பணம் எங்கோ சேர்ந்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஏட்டில் எழுதுவது லாபத்தைச் சரியாகக் காட்டும், அவ்வளவே. பணத்தைத் தனியே ஒதுக்கி வைப்பது உரிமையாளர் வேறாகச் செய்ய வேண்டிய வேலை.

வருமான வரிக்கு வரும்போது விதிகள் மாறுகின்றன. வருமான வரிச் சட்டம், தொட்டுணரக்கூடியவை, தொட்டுணர முடியாதவை ஆகிய இரண்டுக்குமே தேய்மானம் என்ற ஒரே பெயரை வைத்திருக்கிறது. அதில் போக்கெழுதுதலுக்குத் தனி இடம் இல்லை. காப்புரிமை, வணிகக்குறி, உரிமம், பிரான்சைஸ் போன்றவை ஒரு தொகுதியாகச் சேர்ந்து 25 சதவீதம் பெறுகின்றன. பொதுவான இயந்திரங்கள் 15 சதவீதம். கணினியும் கணினி மென்பொருளும் 40 சதவீதம். மரச்சாமான்களும் மின்பொருத்துகளும் 10 சதவீதம். வாடகைக் கட்டடத்தில் செய்த முதலினச் செலவையும் சொந்தக் கட்டடத்துக்குச் செய்ததுபோல் கருதி 10 சதவீதம் தருகிறது. எல்லாம் குறைந்து செல் மதிப்பின்மேல். 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் வகையில் 2025இல் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டிருப்பதால், பிரிவு எண்களைப் பழைய நூல்களில் பார்ப்பவர்கள் கணக்காளரிடம் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வீதங்களின்படி நம் பேக்கரியின் முதல் ஆண்டுத் தேய்மானம், இயந்திரத்துக்கு 1,50,000, பிரான்சைஸுக்கு 1,25,000, உள்வேலைக்கு 40,000, ஆக 3,15,000 ரூபாய். நம் ஏட்டில் எழுதியதோ 2,75,000 ரூபாய். இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று பதற வேண்டாம். ஒன்று கடையின் நிலையைக் காட்டுவதற்கு, மற்றொன்று வரிக்கு. ஆனால் ஓர் இடத்தில் கவனம் தேவை. வரிக் கணக்கில் பிரான்சைஸ் கட்டணம் ஆண்டுதோறும் மீதியில் கால் பங்கு குறைந்துகொண்டே வந்து, ஐந்து ஆண்டு முடிவில் 1,18,652 ரூபாயில் நிற்கும். நம் ஏட்டில் அது சுழியம். உரிமம் தீர்ந்தேவிட்டது, வரிக் கணக்கில் மட்டும் ஒரு பகுதி உயிரோடிருக்கிறது. அந்த மீதியை எப்படிக் கையாள்வது என்பது அந்தத் தொகுதியில் வேறு சொத்து இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. புதுப்பித்தால் புதிய கட்டணமும் அதே தொகுதியில் சேரும். தனி உரிமையாளர்கள் பலர் வசதிக்காக வரி வீதங்களையே தம் ஏட்டிலும் பயன்படுத்துகிறார்கள். பிரான்சைஸ் போன்ற தேதி வைத்த சொத்து இருக்கும் கடையில் அப்படிச் செய்வது, கடை நிலவரத்தை மறைத்துவிடும் என்பதே என் கருத்து.

சொத்து வாங்கிய தேதி வரிக்கு முக்கியம் அன்று. பயன்பாட்டுக்கு வந்த தேதிதான் முக்கியம். வாங்கிய நிதியாண்டிலேயே அது 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் அந்த ஆண்டுக்குப் பாதி வீதமே கிடைக்கும். நம் பேக்கரி ஏப்ரலுக்குப் பதிலாக நவம்பரில் திறந்திருந்தால், 3,15,000 ரூபாய் 1,57,500 ரூபாயாகக் குறைந்திருக்கும். செப்டம்பரில் அடுப்பு வந்து இறங்கி, மின் இணைப்புக்காக டிசம்பர் வரை மூலையில் கிடந்தால், பயன்பாடு டிசம்பரிலிருந்துதான்.

சரக்கு சேவை வரியும் இதில் குறுக்கிடுகிறது. இயந்திரத்தின் விலைக்குமேல் 1,80,000 ரூபாய் ஜி.எஸ்.டி. கட்டியதாக வைத்துக்கொள்வோம். அந்த வரியை, விற்பனைமேல் கட்ட வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொண்டால், சொத்தின் விலை 10 லட்சம்தான்; அந்த வரித் தொகைக்குத் தேய்மானம் கோரினால் உள்ளீட்டு வரவைச் சட்டம் மறுத்துவிடும். ஒரே தொகையில் இரண்டு சலுகை கிடையாது. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் இணக்க வரித் திட்டத்தில் இருப்பவருக்கு உள்ளீட்டு வரவே இல்லை என்பதால், அவருக்கு அந்த இயந்திரத்தின் விலை 11,80,000 ரூபாய். தேய்மானமும் அந்தத் தொகையின்மேல்தான்.

புதிதாகத் தொடங்கும் சிறு கடைக்காரர்களில் பலர் உத்தேச வருமான முறையில் வரி கட்டுகிறார்கள். விற்பனையில் பணமாக வந்ததற்கு 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதம் என்று லாபத்தைக் கொள்ளும் முறை அது. அதில் தேய்மானம் ஏற்கெனவே கழிக்கப்பட்டதாகவே சட்டம் கருதுகிறது. தனியே கழிக்க முடியாது. அதோடு, கழிக்காத ஆண்டுகளிலும் கழித்ததுபோலவே சொத்தின் மதிப்பு குறைந்துகொண்டு போகும். சில ஆண்டுகள் கழித்து வழக்கமான முறைக்கு மாறும்போது, அடுப்பின் பழைய 10 லட்சத்திலிருந்து தொடங்கலாம் என்று நினைத்திருப்பவர் இங்கே ஏமாற்றம் அடைவார். உத்தேச முறையில் இருந்தாலும், சொத்துப் பட்டியலை ஆண்டுதோறும் எழுதி வைப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பிரான்சைஸ் எடுக்காமல் சொந்தப் பெயரில் கடை நடத்துபவர், தம் பெயரைப் பரப்ப விளம்பரத்துக்குச் செலவிட்ட 3 லட்சம் ரூபாயைச் சொத்தாக வைத்துப் போக்கெழுதலாமா என்று கேட்பதுண்டு. முடியாது. தானே வளர்த்த பெயரைச் சொத்தாகக் காட்டத் தரநிலை 26 அனுமதிப்பதில்லை. அந்தச் செலவு செய்த ஆண்டிலேயே முடிந்துவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கடையை வாங்கும்போது அதன் நற்பெயருக்காகக் கூடுதலாகக் கொடுத்த தொகை வேறு வகை. அதை ஏட்டில் சொத்தாகக் காட்டிப் போக்கெழுதலாம். ஆனால் வரிக்கு அது உதவாது. நற்பெயருக்கும் தேய்மானம் உண்டு என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 2021ஆம் ஆண்டு நிதிச் சட்டம் தேய்மானத்துக்குரிய சொத்துகளிலிருந்து நற்பெயரை நீக்கிவிட்டது. கடையை விலை பேசும்போதே, எவ்வளவு தொகை இயந்திரத்துக்கு, எவ்வளவு நற்பெயருக்கு என்று ஒப்பந்தத்தில் பிரித்து எழுதிக்கொள்வது இதனால்தான் பொருளுள்ள வேலையாகிறது.

ஒப்பந்தம் பாதியில் முறிந்தாலும் கணக்கு நின்றுவிடாது. மூன்றாம் ஆண்டு முடிவில் பிரான்சைஸ் நிறுவனம் உறவை முறித்துக்கொண்டால், ஏட்டில் நிற்கும் 2 லட்சம் ரூபாயை அந்த ஆண்டிலேயே முழுவதும் செலவெழுத வேண்டும். இன்னும் இரண்டு ஆண்டுக்குப் பிரித்து எழுத அங்கே எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. இயந்திரங்கள் அப்படியல்ல. பெயர்ப்பலகையைக் கழற்றிய மறுநாளும் அடுப்பு ரொட்டி சுடும். அதன் தேய்மானம் முன்போலவே தொடரும்.

கணக்காளர் எழுதிக் கொடுத்த இருப்புநிலைக் குறிப்பைப் பெறும் உரிமையாளர், விதிகள் எல்லாம் தெரியாமலேயே சிலவற்றைச் சரிபார்க்க முடியும். வங்கிக் கடன் என்ற வரியில் மார்ச் 31 அன்று நிற்கும் தொகை, வங்கி கொடுக்கும் சான்றோடு ஒத்துப்போக வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது ஏறத்தாழ 6,75,800 ரூபாய். ஏட்டில் கடன் இன்னும் 8 லட்சமாகவே நின்றால், தவணை முழுவதும் செலவில் போய் ஒளிந்திருக்கிறது. பிரான்சைஸ் உரிமம் என்ற வரியில் முதல் ஆண்டு முடிவில் 4 லட்சம் இருக்க வேண்டும். அந்த வரியே இல்லையென்றால், 5 லட்சமும் ஒரே ஆண்டில் செலவாக எழுதப்பட்டிருக்கிறது. அது 5 லட்சமாகவே நின்றால், போக்கெழுத மறந்திருக்கிறார்கள். அட்வான்ஸ் 2 லட்சம் குறையாமல் அப்படியே இருக்க வேண்டும். இந்த மூன்று வரிகளையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும்.